மின்வெட்டு இரவும் ஒரு குடியிருப்புக் குழுவும்: செய்திகளாலேயே சிறுகதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கதைசொல்லியே இல்லாமல், வாட்ஸ்அப் குழுச் செய்திகளை மட்டும் வைத்து ஒரு சிறுகதை நிற்குமா?

நிற்கும். ஆனால் செய்திகளில் என்ன சொல்லப்படுகிறது என்பதைவிட, யார் பேசவில்லை என்பதுதான் அந்தக் கதையைத் தாங்கும். குழுவில் பேசுகிறவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை மட்டுமே பேசுவார்கள். இருட்டில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில் வாசகரையும் உட்கார வைத்துவிட்டால் போதும், கதைசொல்லியைத் தேட மாட்டார்.

இந்தப் பக்கத்தில் நான் எழுதிய ஒரு கதையையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான்கு மாடி, பதினாறு வீடுகள். இரவு 7:40க்கு மின்சாரம் போகிறது, மறுநாள் காலை 9:10க்கு வருகிறது. பதின்மூன்றரை மணி நேரம்.

அதற்கு மின்வெட்டுதான் வேண்டுமா? மழை, வெள்ளம், திருட்டு எதுவாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். ஆனால் மின்வெட்டு மட்டும்தான் கதையையும் கதை எழுதப்படும் கருவியையும் ஒன்றாகத் தின்கிறது. போனில் சார்ஜ் குறையக் குறையச் செய்திகள் சுருங்கும். எட்டு மணிக்கு ஐந்து வரி எழுதியவர் பதினொரு மணிக்கு இரண்டு சொல் எழுதுவார். "4% தான் இருக்கு" என்று ஒருவர் எழுதினால், அவர் இனி எழுதப்போகும் ஒவ்வொரு வரிக்கும் தனி எடை வந்துவிடும். வேறு எந்தச் சிக்கலிலும் கதைமாந்தரின் குரலுக்கே இப்படி ஒரு கெடு கிடைக்காது.

எத்தனை பேரைப் பேச வைக்கலாம்?

ஐந்து பேர். பதினாறு வீடு என்றால் பதினாறு குரல் வேண்டும் என்று நினைத்து என் முதல் வரைவில் பதினோரு பேரைப் பேச வைத்தேன். படித்த நண்பர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இவர் யார், மேலே பேசியவரா?" என்று கேட்டார். செய்திக் கதையில் முகம் கிடையாது, உடல்மொழி கிடையாது. பெயரும் பேச்சுமே அடையாளம்.

என் கதையில் பேசுகிறவர்கள்: 1ஏ, சங்கச் செயலாளர். 2பி, வீட்டிலிருந்து வேலை செய்யும் இளம்பெண். 3டி, எதற்கும் சட்டம் பேசுகிற நடுவயதுக்காரர். 3சி, இரண்டு குழந்தைகளின் தாய். 4டி. மற்றவர்கள் "சரி", "நன்றி" என்று மட்டும் வந்து போவார்கள். 4சி முழு இரவும் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். கதை அவரைப் பற்றியது.

எல்லோரையும் வீட்டு எண்ணாலேயே குறித்தேன். குடியிருப்புக் குழுக்களில் பலர் அப்படித்தான் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே வருடக்கணக்கில் இருப்பதும் இந்த எண்களுக்குள் தானாக வந்துவிடுகிறது.

டிக் குறிகளைக் கதையில் எப்படிப் பயன்படுத்துவது? குழுவில் அவை வேறு மாதிரி என்கிறார்களே?

ஆமாம், இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இந்த வகைக் கதையைத் தொடக்கூடாது. வாசகர்கள் தினமும் இதைப் பார்க்கிறவர்கள். தவறினால் அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும்.

வாட்ஸ்அப்பில் இருவர் பேசும்போது ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி கிளம்பிவிட்டது, இரண்டு என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது, நீலமானால் படித்துவிட்டார். குழுவில் கணக்கு மாறுகிறது. குழுவில் உள்ள அத்தனை பேர் போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் வரும். அத்தனை பேரும் படித்தால்தான் நீலம். பதினாறு பேரில் ஒருவர் போன் அணைந்திருந்தாலும் ஒற்றை டிக்கிலேயே நிற்கும். ஒருவர் படிக்கவில்லை என்றாலும் சாம்பல் மாறாது.

யார் அந்த ஒருவர் என்று தெரிய, செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே யார் யாருக்குப் போனது, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். இதில் கதைக்காரருக்கு ஒரு நல்ல கட்டுப்பாடு இருக்கிறது. செய்தியை அனுப்பியவரால் மட்டும்தான் அந்தப் பட்டியலைப் பார்க்க முடியும். ஆகவே ஒருவர் படிக்கவில்லை என்று கண்டுபிடிப்பவர், அவரிடம் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவராக இருக்க வேண்டும். என் கதையில் அது 2பி. போன் சார்ஜ் போட 4சியிடம் அனுமதி கேட்டவள்.

படித்ததைக் காட்டாதபடி அமைப்பை மாற்றி வைத்திருந்தாலும் குழுச் செய்திகளுக்கு அது செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். "அவர் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பார்" என்று யாராவது குழுக் கதையில் சொன்னால், விவரம் தெரிந்த இன்னொரு பாத்திரம் உடனே திருத்த வேண்டும். என் கதையில் 3டி அதைச் சொல்ல, 2பி திருத்துகிறாள். அந்தத் திருத்தத்தில்தான் கோபம் ஏறுகிறது. 4சி படிக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது அல்லவா?

உங்கள் கதையை முழுதாகச் சொல்லிக் காட்ட முடியுமா?

சரி. முக்கியமான இடங்களை மட்டும் தருகிறேன்.

> இரவு 7:52
> 1ஏ: அன்பான குடியிருப்போருக்கு. மின்வாரியத்தில் பேசினேன். பழுது பெரியதாம். நேரம் சொல்ல முடியாது என்கிறார்கள். லிஃப்ட் ஓடாது, மோட்டார் ஓடாது. தொட்டித் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.
> 3சி: சரி சார்
> 4டி: தகவலுக்கு நன்றி.

இந்த "4டி: தகவலுக்கு நன்றி"யை வாசகர் கடந்து போய்விடுவார். கடந்து போகத்தான் வேண்டும்.

> இரவு 8:31
> 2பி: 4சி அங்கிள், உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்ல? என் போன் 11%. அரை மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா? நாளைக்கு காலைல இன்டர்வியூ இருக்கு
> இரவு 8:55
> 2பி: அங்கிள்?
> 3டி: நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். அவர் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. யாரும் கேட்டு வரக்கூடாது என்று இருட்டாக வைத்திருக்கிறார் போல.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தச் சந்தேகம் வளர்கிறது. இரண்டு வாரம் முன்பு வண்டி நிறுத்தும் இடத்துக்காக 4சிக்கும் 3டிக்கும் நடந்த சண்டையைப் பழைய செய்திகளிலிருந்து 3டியே எடுத்துப் போடுகிறார். 2பி தகவல் பக்கத்தைப் பார்க்கிறாள். பதினைந்து வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, 4சிக்கும் சேர்த்து. படிக்காதவர் அவர் மட்டும்தான். அப்படியானால் போன் உயிரோடு இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத்தான் மனமில்லை. 3டி எழுதுகிறார்: "தனக்கு வெளிச்சம் இருந்தால் போதும் என்று நினைக்கிற மனுஷன் எல்லாம் எதற்கு நாலு பேரோடு குடியிருக்க வேண்டும்?"

> இரவு 10:41
> 4டி: எல்லோருக்கும் வணக்கம். இன்னுமா அங்கே கரண்ட் வரவில்லை? நான் வெளியூரில் இருக்கிறேன். என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் போனை எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் உண்டு. யாராவது ஒரு தடவை பார்க்க முடியுமா?

இங்கேதான் கதை திரும்புகிறது. குழுவில் இருந்த 4டி, அந்த வீட்டின் சொந்தக்காரர். வேறு ஊரில் விளக்கொளியில் உட்கார்ந்து எல்லாச் செய்தியையும் படித்துக்கொண்டிருந்தவர். பட்டியலில் 4டிக்கு நேராகப் "படித்தார்" என்றே இருந்தது. வீட்டுக்குள் இருட்டில் இருந்தவர்கள் குழுவிலேயே இல்லை. உண்மையான குடியிருப்புக் குழுக்களில் இது மிக சாதாரணம். உரிமையாளர் எண் குழுவில் இருக்கும், குடியிருப்பவர் எண் இருக்காது. எல்லோரும் படிக்காத ஒருவரையே தேடிக்கொண்டிருந்தார்கள். கணக்கிலேயே வராத இருவரை யாரும் தேடவில்லை.

> இரவு 10:48
> 2பி: மேல வந்துட்டேன். 4சி கதவு திறந்து கிடக்கு
> 2பி: உள்ள இருட்டு. யாரும் இல்ல
> 2பி: ஒரு வயர் வெளிய வருது
> 2பி: 4டிக்குள்ள போகுது

இதற்கு அப்புறம் ஆறு நிமிடம் யாரும் எழுதவில்லை.

> இரவு 10:54
> 2பி: யார் யார் வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. உடனே சொல்லுங்க. அங்கிளோடது பீப் அடிக்குது

நடந்தது இதுதான். மின்சாரம் போனதும் 4டியில் வாடகைக்கு இருக்கும் அந்த அம்மாவின் மகள் எதிர்க் கதவைத் தட்டியிருக்கிறாள். 4சி தன் வீட்டின் எல்லா விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு, நடைவழியின் குறுக்கே நீட்டிப்பு வயரை இழுத்து அந்த அம்மாவின் மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார். மகள் ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடிக் கிளம்பிவிட்டாள். "நீ வரும் வரை நகர மாட்டேன்" என்று அவளிடம் சொன்னவர், மூன்று மணி நேரமாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன் அவர் வீட்டுப் படுக்கையறையில் கிடக்கிறது.

இந்த விளக்கத்தைக் கதையில் நான் ஒரே பத்தியாக எழுதவில்லை. 2பி, 3சி, 1ஏ மூவரின் உடைந்த வரிகளில், பதினைந்து இருபது செய்திகளாகச் சிதறிக் கிடக்கும். "மூணு மணி நேரமா இங்கதான் உக்காந்திருக்காராம்" என்ற ஒரு வரி போதும், மீதியை வாசகர் சேர்த்துக்கொள்வார்.

எதிரே தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்து 4சி குழுவில் உதவி கேட்டிருக்கலாமே?

இந்தக் கேள்வி வராத கதையை நான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன், முதல் வாசகரே கேட்டுவிட்டார். அவர் கேட்டது சரி. செய்திக் கதைகளில் அடிக்கடி விழுகிற ஓட்டை இதுதான். கையில் போன் இருக்கிற உலகத்தில் ஒருவர் ஏன் பேசவில்லை என்பதற்கு உறுதியான காரணம் வேண்டும்.

முதல் வரைவில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது என்று எழுதியிருந்தேன். அது நிற்காது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் போன் ஏன் அணைய வேண்டும்? சார்ஜர் இழுக்கும் மின்சாரம் பத்து இருபது வாட்தான். மெஷினுக்கு ஓடும் மின்சாரத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அதனால் போன் உயிரோடு இருக்கும்படி மாற்றினேன். மாற்றியதும் கதையே கூர்மையானது. ஒற்றை டிக் என்றால் "பாவம், போன் அணைந்திருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு சாம்பல் டிக் நின்றதால்தான் கோபம் வந்தது.

பேசாததற்கு இரண்டு காரணம் வைத்தேன். மூச்சுத் திணறும் ஒருவரைத் தனியே விட்டு எழுந்து போக மாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். வண்டிச் சண்டைக்குப் பிறகு குழுவின் ஒலியை அணைத்து வைத்திருக்கிறார், அந்தப் பக்கம் கேட்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. இரண்டாவது காரணம் அந்தச் சண்டையை வெறும் அலங்காரமாக விடாமல் கதைக்குள் இழுத்துக்கொண்டது.

இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? சும்மா ஒரு நேரத்தைப் போட்டுவிடலாமா?

போடக்கூடாது. இந்த எண்தான் உங்கள் கதையின் கடிகாரம்.

வீடுகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. முழுவதும் கிடைக்காது. பேட்டரியை அடிவரை வற்ற விடாமல் இன்வெர்ட்டர் முன்கூட்டியே நிறுத்திவிடும், மின்சாரத்தை மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். சுமார் 1200 வாட்-மணி கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரும் ஆக்ஸிஜன் செறிவாக்கி 300 முதல் 350 வாட் இழுக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரம், அதிகபட்சம் நான்கு. 7:50க்கு வயர் கொடுத்தால் பதினொன்றரைக்கு முன்பின்னாகத் தீரும்.

அதனால்தான் 10:54 என்ற நேரம். எச்சரிக்கை ஒலி வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது. 3டி எழுதிய கடுஞ்சொல் குழுவில் ஒரு மணி நேரமாகத் தொங்கியபோதெல்லாம் அந்தப் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது என்று வாசகர் பின்னோக்கிக் கணக்குப் போடுவார். நேரங்கள் பொருந்தினால் மட்டுமே அது நடக்கும்.

அடுத்த இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். அந்தப் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல். வயரைத்தான் இழுக்க வேண்டும். கீழ்மாடி 3சி வீட்டுச் சன்னல் வழியாக மேல் சன்னலுக்கு வயர் போகிறது. நீளம் பத்தவில்லை, இரண்டு நீட்டிப்பை ஒன்றாக இணைக்கிறார்கள். 3சி தன் குழந்தைகளின் விசிறியை அணைக்கிறாள். மாலையிலிருந்து ஓடிய இன்வெர்ட்டர் என்பதால் அதில் பாதிதான் மிச்சம், இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அப்புறம் 3பி. இரவு முழுக்கக் குழுவில் ஓடுவது இந்த அஞ்சலோட்டம்தான். "3சி பீப். அடுத்தது யார்?" என்ற நான்கு சொல்லில் அவ்வளவு பதற்றம் இருக்கிறது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதுதானே முறை? கதைக்காக அதை மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கதைமாந்தரை முட்டாள்களாக்கினால் வாசகர் மன்னிக்க மாட்டார். 10:56க்கு 1ஏ அதைத்தான் கேட்கிறார். மகள் எட்டு மணிக்கே மருத்துவரிடம் பேசிவிட்டாள் என்றும், மெஷின் ஓடும்வரை வீட்டிலேயே இருக்கலாம், நின்றாலோ மூச்சு மோசமானாலோ தாமதிக்காமல் அழைத்துவரச் சொன்னார் என்றும் 2பி பதில் எழுதுகிறாள். 1ஏ ஆம்புலன்ஸ் எண்ணைக் குழுவில் போட்டு, கீழே கேட்டருகே தன் வண்டியைத் தயாராக நிறுத்துகிறார். மூன்று வரிகளில் முடிந்தது. வாசகரின் கேள்வி அடைபட்டது, கூடவே லிஃப்ட் ஓடாத நான்காம் மாடியிலிருந்து ஒரு நோயாளியை எப்படி இறக்குவது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

சிலிண்டர் 2:50க்கு வருகிறது. நான்கு பேர் முறை வைத்துப் படியேற்றுகிறார்கள். அதில் ஒருவர் 3டி என்பதை 3சி எழுதும் வரியிலிருந்து மட்டும் தெரிந்துகொள்கிறோம்.

மின்சாரமே இல்லாதபோது செய்திகள் எப்படிப் போகும்?

வீட்டு வைஃபை உடனே போய்விடும், மொபைல் இணையம் இருக்கும். செல்போன் டவர்களுக்குத் தனிப் பேட்டரி உண்டு, சிலவற்றுக்கு ஜெனரேட்டரும் உண்டு. பேட்டரி மட்டும் உள்ள டவர் சில மணி நேரத்தில் அடங்கிவிடலாம். அதோடு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறுவதால் வேகம் குறையும். சிக்னல் பலவீனமானால் போன் டவரைத் தேடிக் கூடுதலாகச் சக்தி செலவழிக்கும், சார்ஜ் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இவை எல்லாவற்றையும் கதையில் காட்ட வேண்டியதில்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது தாமதம். நள்ளிரவு 1:15க்கு டவர் தடுமாறுகிறது. "3சி பீப்" என்ற செய்தி சிலருக்குப் போய்ச் சேரவில்லை. 3பி பதில் எழுதவில்லை. 2பி படியில் இறங்கி ஓடிக் கதவைத் தட்டுகிறாள். நான்கு நிமிட வெறுமைக்குப் பிறகு அந்தச் செய்திகள் எல்லாம் மொத்தமாக வந்து விழுகின்றன, கேள்வியும் பதிலும் முன்பின்னாகக் கலந்து. அப்போது படிப்பவர் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும்.

செய்திகளைப் பேச்சுத்தமிழில் எழுதுவதா, எழுத்துத்தமிழிலா?

ஆளுக்கு ஒன்று. 1ஏ அறிக்கைத் தமிழில் எழுதுகிறார், ஒவ்வொரு செய்தியும் "அன்பான குடியிருப்போருக்கு" என்று தொடங்கும். 2பி பேசுகிறபடியே, செய்தியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லாமல், ஒரு வாக்கியத்தை நான்கு செய்தியாக உடைத்து எழுதுகிறாள். 3டி சுத்தமான இலக்கணத்தில் திட்டுகிறார். பெயரை மூடிவிட்டுப் படித்தாலும் யார் எழுதியது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த இருவரில் ஒருவரை எடுத்துவிடுங்கள்.

இரவு ஏற ஏற இந்த நடைகளும் மாற வேண்டும். 11:10க்கு 1ஏ "அன்பான" எதுவும் இல்லாமல் "வயர் இருக்கு. வர்றேன்" என்று எழுதுகிறார். அந்த மனிதர் பேச்சுத்தமிழில் எழுதுவது கதையில் அதுதான் முதல் முறை. நிறைய வாசகர்கள் எனக்குச் சுட்டிக்காட்டிய வரி அது.

ஒவ்வொரு செய்திக்கும் நேரம் போட வேண்டுமா?

வேண்டாம். நேரம் தாண்டும் இடத்தில் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் போட்டால் கண் அதைப் படிப்பதை நிறுத்திவிடும், பிறகு அந்த ஆறு நிமிட இடைவெளி யாருக்கும் தெரியாது.

குரல் செய்தி, எமோஜி?

குரல் செய்தியை எழுத்தில் கொண்டுவர "குரல் செய்தி, 0:47" என்று நீளத்தை மட்டும் போட்டு, அதற்கு வருகிற பதில்களால் உள்ளே என்ன இருந்தது என்று காட்டலாம். ஒரு கதைக்கு ஒன்று போதும். எமோஜியை நான் 3சிக்கு மட்டும் கொடுத்தேன், அதுவும் முன்னிரவில் மட்டும்.

ஒருவர் நீக்கிய செய்தியைக் கதையில் எப்படிக் காட்டுவது?

அனுப்பியவர் எல்லோருக்கும் சேர்த்து நீக்கினாலும் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற சுவடு அங்கேயே நிற்கும். அனுப்பியதைத் திருத்த பதினைந்து நிமிடமே அவகாசம், திருத்தினாலும் "திருத்தப்பட்டது" என்ற குறி விழும். குழு நிர்வாகி அடுத்தவர் செய்தியை நீக்கினால், நிர்வாகி நீக்கினார் என்று தனியாகக் காட்டும். ஆகவே யார் நீக்குகிறார்கள் என்பதைத் தீர யோசியுங்கள்.

என் முந்தைய வரைவில் 1ஏ நிர்வாகியாக 3டியின் செய்திகளை நீக்கினார். படித்துப் பார்த்தபோது அது தவறாகப் பட்டது. வெட்கம் வர வேண்டியவர் 3டி, வேறு ஒருவர் கை வைத்துத் துடைத்தால் அது அவரிடம் வராது. இறுதி வடிவில் 10:57க்கு, மேலே ஓடுவதற்கு முன், அவரே மூன்று செய்திகளை நீக்குகிறார். மன்னிப்பு எதுவும் எழுதவில்லை. மூன்று சுவடுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

குழுவில் எல்லோரும் அவற்றை முன்பே படித்துவிட்டார்கள். படிக்காதவர் ஒருவரே, 4சி. அவருக்கு மட்டும் அந்தச் சொற்கள் கடைசிவரை தெரியப்போவதில்லை. அவர் காலையில் போனைத் திறக்கும்போது தன் பெயரைச் சுற்றி மூன்று வெற்றுச் சுவடுகளைப் பார்ப்பார். என்ன எழுதியிருந்தது என்று கேட்கலாம், ஊகிக்கலாம், விட்டுவிடலாம்.

கதையை எங்கே முடிப்பது? மின்சாரம் வந்ததும் முடித்துவிடலாமா?

மின்சாரம் வருவது எல்லோரும் எதிர்பார்க்கிற இடம், அதையே முடிவாக வைத்தால் வாசகருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. நன்றி சொல்லிக் குவியும் செய்திகளை வைத்தும் முடித்துப் பார்த்தேன். படிக்கக் கூச்சமாக இருந்தது, அந்த மனிதருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். இரவில் கண்டுபிடித்த தவறு என்னவென்று என்னையே கேட்டுக்கொண்டேன். 4சியைத் தவறாக நினைத்தது ஒன்று. அதைவிடப் பெரியது, 4டியில் குடியிருந்த இருவர் அந்தக் குழுவுக்கு இல்லாதவர்களாகவே இருந்தது. முடிவு அதைத் தொட வேண்டும். அதற்கு ஒரு மனிதக் குரலைவிடக் குழு தானாகக் காட்டும் அறிவிப்பு வரியே பொருத்தமாக இருந்தது.

> காலை 6:20
> 4சி: எல்லோருக்கும் இனிய காலை வணக்கம்.
> 4சி: 2பி, இன்டர்வியூ எத்தனை மணிக்கும்மா?
> 2பி: 11க்கு அங்கிள்
> 4சி: போன்ல எவ்வளவு இருக்கு
> 2பி: 2%
>
> காலை 9:10
> 3சி: வந்துருச்சு
> 1ஏ: கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட்டிருக்கிறேன்.
> 3டி: 4சி சார், உங்கள் வயர் என் வீட்டில் இருக்கிறது. கொண்டுவந்து தருகிறேன்.
>
> *1ஏ, 4டி அம்மாவின் மகளைச் சேர்த்தார்*